ஒரே பர்ஸில் இரண்டு கார்டு: கேட் எதைப் படிக்கிறது, காசு ஏன் இரண்டு முறை போகிறது

லண்டன் சுரங்க ரயிலான ட்யூபில் ஈஸ்ட் ஹாமில் ஏறி வெஸ்ட்மின்ஸ்டரில் இறங்குகிற ஒருவர், பர்ஸை அப்படியே கேட்டில் கார்டைப் படிக்கும் ரீடரில் வைத்துவிட்டுப் போகிறார். ஏறும் இடத்திலும் கேட் திறந்தது, இறங்கும் இடத்திலும் திறந்தது. மறுநாள் கணக்கைப் பார்த்தால் அந்த ஒரே பயணத்துக்கு, லண்டனின் பயணக் கார்டான ஆய்ஸ்டரிலும் பணம் போயிருக்கிறது, வங்கிக் கார்டிலும் போயிருக்கிறது. இரண்டுமே சாதாரணக் கட்டணத்தைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். லண்டனில் இதற்குப் பெயர் ‘கார்டு கிளாஷ்’. 2014-ல் வங்கிக் கார்டுகளை ட்யூபிலும் ஏற்கத் தொடங்கியபோதே, போக்குவரத்து நிர்வாகமான டிஎஃப்எல் இதைப் பற்றி நிலையங்களில் சுவரொட்டி ஒட்டி, ஒலிபெருக்கியிலும் சொல்லிக்கொண்டிருந்தது. இத்தனை ஆண்டுக்குப் பிறகும் பர்ஸைத் தட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். காரணம் எளிது: பெரும்பாலான நாட்களில் அது வேலை செய்கிறது.

“ரீடர் இரண்டு கார்டையும் பார்த்துக் குழம்பிவிடுகிறது” என்பதுதான் பலரும் சொல்லும் விளக்கம். அது பாதிதான் சரி. ரீடர் இரண்டையும் பார்த்துவிட்டால் உங்களுக்கு நஷ்டம் இல்லை. சிவப்பு விளக்கு எரியும், கேட் திறக்காது, நீங்கள் ஒரு கார்டை வெளியே எடுப்பீர்கள். காசு போவது ரீடர் ஒரே ஒரு கார்டை மட்டும் பார்க்கும்போது. அதுவும் ஏறும் இடத்தில் ஒன்றையும் இறங்கும் இடத்தில் இன்னொன்றையும் பார்க்கும்போது.

ரீடர் எப்படிப் பார்க்கிறது

ஆய்ஸ்டர், வங்கியின் கான்டாக்ட்லெஸ் கார்டு, போனில் இருக்கும் கார்டு எல்லாமே ஐஎஸ்ஓ 14443 என்ற ஒரே தரத்தில் இயங்குபவை. ரீடர் 13.56 மெகாஹெர்ட்ஸில் ஒரு காந்தப் புலத்தை உண்டாக்குகிறது. பிளாஸ்டிக் கார்டுக்குள் பேட்டரி கிடையாது. விளிம்பை ஒட்டிச் சுற்றியிருக்கும் மெல்லிய கம்பிச் சுருள்தான் அந்தப் புலத்திலிருந்து மின்சாரம் எடுத்துச் சிப்பை எழுப்புகிறது. சிப் விழித்த பிறகுதான் பேச்சே. தரத்தில் சொல்லப்படும் தூரம் ஏறத்தாழ 10 சென்டிமீட்டர். ஆனால் கேட்டில் நடைமுறையில் கார்டு நன்றாகப் படிக்கப்படுவது சில சென்டிமீட்டர் தூரத்துக்குள்தான். பர்ஸின் தடிமன் இரண்டு சென்டிமீட்டர்கூட இருக்காது என்பதால் உள்ளே இருக்கும் எல்லா கார்டுமே அந்த எல்லைக்குள் வந்துவிடும்.

ஒரே நேரத்தில் பல கார்டு விழித்தால் என்ன செய்வது என்பதற்கும் தரத்திலேயே வழி இருக்கிறது. ரீடர் “யார் இருக்கிறீர்கள்” என்று கேட்கும், கார்டுகள் தங்கள் எண்ணை ஒவ்வொரு பிட்டாகச் சொல்லும். இரண்டு கார்டின் எண்ணும் எந்த இடத்தில் வேறுபடுகிறதோ அந்த இடத்தில் சமிக்ஞை ஒன்றன்மேல் ஒன்று விழும். அது ரீடருக்குத் தெரியும். அதை வைத்து ஒன்றைத் தேர்ந்தெடுத்து மற்றொன்றைத் தூங்கச் சொல்லவும் முடியும். நூலகத்திலும் கிடங்கிலும் இதுபோன்ற முறைகளில்தான் பல சிப்புகளை ஒரே மூச்சில் படிக்கிறார்கள். கட்டணம் வசூலிக்கும் ரீடரில் இது கூடாது. எந்தக் கார்டில் காசு எடுப்பது என்பதை ரீடர் தன் இஷ்டத்துக்கு முடிவு செய்ய முடியாது. அதனால் வங்கிக் கார்டுகளுக்கான விதிமுறை, ஒன்றுக்கு மேற்பட்ட கார்டு தெரிந்தால் பரிவர்த்தனையைத் தொடங்காதே என்கிறது. கடையில் “ஒரே ஒரு கார்டைக் காட்டுங்கள்” என்று இயந்திரம் கேட்பது இதனால்தான்.

ஆக, பாதுகாப்பு இருக்கிறது. ஆனால் அது இரண்டாவது கார்டும் விழித்துப் பதில் சொன்னால்தான் வேலை செய்யும். பர்ஸுக்குள் பல சமயம் அது விழிப்பதில்லை.

இரண்டு கம்பிச் சுருள்கள் ஒட்டி ஒட்டி இருந்தால் ஒன்றின் அதிர்வெண் இசைவை மற்றொன்று குலைக்கும். தனியாக இருக்கும்போது 13.56-க்குப் பக்கத்தில் நன்றாக மின்சாரம் எடுக்கும் கார்டு, இன்னொரு கார்டு முதுகில் ஒட்டியிருக்கும்போது அந்த இசைவிலிருந்து விலகிவிடும். எவ்வளவு விலகும் என்பது இரண்டு சுருளும் எவ்வளவு நேராகப் பொருந்துகின்றன, இடைவெளி எவ்வளவு, எந்தச் சிப்புக்கு எவ்வளவு மின்சாரம் வேண்டும் என்பதைப் பொறுத்தது. ரீடருக்கு அருகில் இருப்பது முதலில் விழிக்கும். பின்னால் இருப்பதற்குப் போதுமான மின்சாரம் கிடைக்காமல் அது தூங்கிக்கொண்டே இருக்கும். ரீடரைப் பொறுத்தவரை அங்கே ஒரே கார்டுதான். அது தயங்காமல் வாங்கிக்கொள்ளும்.

இதோடு கையின் அசைவும் சேர்கிறது. நெரிசலான நேரத்தில் யாரும் பர்ஸை ரீடரின் நடுவில் நிதானமாக வைப்பதில்லை. ஒரு பக்கத்திலிருந்து வீசிக்கொண்டு வருகிறார்கள். கூட்டம் தேங்காமலிருக்க, கேட்டில் ஒரு தட்டல் அரை நொடிக்குள் முடிந்துவிட வேண்டும் என்று அமைத்திருக்கிறார்கள். முதலில் புலத்துக்குள் நுழைந்த கார்டோடு ரீடர் பேசி முடித்த பிறகுதான் மற்றது வந்து சேரும்.

ஆக எந்தக் கார்டு படிக்கப்படும் என்பதைத் தீர்மானிப்பது பர்ஸின் எந்தப் பக்கம் கீழே இருந்தது, எந்த மூலை முதலில் வந்தது என்பதுதான். காலையில் பைக்குள்ளிருந்து எடுத்த பர்ஸும் இறங்கும்போது சட்டைப்பையிலிருந்து எடுத்த பர்ஸும் ஒரே பக்கமாகத்தான் இருக்கும் என்று சொல்ல முடியாது. ஒரு மாதம் சரியாக நடந்ததால் அடுத்த மாதமும் சரியாக நடக்கும் என்பதற்கு இங்கே எந்த உத்தரவாதமும் இல்லை.

உங்கள் பர்ஸ் எப்படி நடந்துகொள்கிறது என்று வீட்டிலேயே பார்க்கலாம். என்எஃப்சி உள்ள ஆண்ட்ராய்டு போனில் `NFC Tools` போன்ற ஒரு செயலியைத் திறந்து, போனின் முதுகில் பர்ஸை ஒரு பக்கமாக வையுங்கள். படிக்கப்பட்ட கார்டின் சிப் எண் திரையில் வரும். பர்ஸைத் திருப்பி வைத்தால் பெரும்பாலும் வேறு எண் வரும், அல்லது எதுவுமே வராது. கொஞ்சம் நகர்த்தினால் முதல் எண் மறுபடி வரலாம். போனின் புலம் கேட் ரீடரைவிட வலுக்குறைந்தது என்பதால் கேட்டிலும் அச்சு அசலாக இதேதான் நடக்கும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் ஒரு பர்ஸ் இரண்டு பக்கத்திலும் இரண்டு முகம் காட்டுவதைக் கண்ணால் பார்க்க இது போதும்.

கணக்கில் என்ன நடக்கிறது

ட்யூபில் கட்டணம் தூரத்தையும் நேரத்தையும் பொறுத்தது. எங்கே ஏறினீர்கள், எங்கே இறங்கினீர்கள் என்ற இரண்டு தட்டலும் ஒரே கார்டில் இருந்தால்தான் அதைக் கணக்கிட முடியும். ஒன்று மட்டும் இருந்தால் அது முடிவுறாத பயணம். அதற்கு அதிகபட்சக் கட்டணம் விதிக்கப்படும்.

ஆய்ஸ்டரில் இது எப்படி நடக்கிறது என்றால், ஏறும்போதே அதிகபட்சக் கட்டணம் கழித்து வைக்கப்படுகிறது. இறங்கும் தட்டலில் சரியான கட்டணம் தெரிந்ததும் மிச்சம் திரும்பச் சேர்க்கப்படுகிறது. இறங்கும் தட்டல் வரவில்லை என்றால் மிச்சமும் வராது. வங்கிக் கார்டில் வேறு விதம். கேட்டில் கட்டணமே கணக்கிடப்படுவதில்லை. தட்டிய இடமும் நேரமும் மட்டும் பதிவாகும். அன்றைய எல்லாத் தட்டல்களையும் மையக் கணினி இரவில் சேர்த்துப் பார்த்து, பயணங்களாகக் கோத்து, ஒரே தொகையாக வங்கியிடம் கேட்கும். ஏறிய தட்டல் இல்லாமல் இறங்கிய தட்டல் மட்டும் இருந்தால் அதற்கும் அதிகபட்சக் கட்டணம்தான்.

எண்களோடு பார்த்தால் தெளிவாகும். லண்டனில் கட்டணம் அடிக்கடி மாறும் என்பதால் கணக்குக்காக முழு எண்களை எடுத்துக்கொள்வோம்: சரியான கட்டணம் 4 பவுண்டு, அதிகபட்சக் கட்டணம் 9 பவுண்டு. காலை 8:10-க்கு ஈஸ்ட் ஹாமில் பர்ஸைத் தட்டுகிறார், படிக்கப்பட்டது ஆய்ஸ்டர். உடனே 9 பவுண்டு கழிகிறது. 8:50-க்கு வெஸ்ட்மின்ஸ்டரில் தட்டுகிறார், இப்போது படிக்கப்பட்டது வங்கிக் கார்டு. ஆய்ஸ்டரில் 9 பவுண்டு அப்படியே நின்றுவிட்டது. இரவில் வங்கிக் கார்டிலும் 9. 4 பவுண்டு பயணத்துக்கு 18 பவுண்டு. மாலையில் திரும்பும்போது இதே தலைகீழாக நடந்தால், அதாவது ஏறும்போது வங்கிக் கார்டு, இறங்கும்போது ஆய்ஸ்டர் என்றால், இன்னொரு 18. நாள் முடிவில் 8 பவுண்டுக்குப் பதில் 36.

“ஒரு நாளைக்கு இவ்வளவுக்கு மேல் எடுக்க மாட்டோம் என்று உச்சவரம்பு இருக்கிறதே, அது காப்பாற்றாதா?” என்று கேட்கலாம். காப்பாற்றாது. அதிகபட்சக் கட்டணங்கள் அந்த உச்சவரம்புக்குள் சேர்க்கப்படுவதில்லை. அதோடு உச்சவரம்பு ஒவ்வொரு கார்டுக்கும் தனித்தனி.

இதில் பலருக்குப் புரியாத இடம், இறங்கும் கேட் ஏன் திறந்தது என்பதுதான். வங்கிக் கார்டை வாங்கும் கேட்டுக்கு, அந்தக் கார்டு எங்கே ஏறியது என்று அந்த நொடியில் தெரியாது. அது கார்டில் எழுதப்படுவதில்லை, பின்னால் மையக் கணினியில்தான் சேர்கிறது. கார்டு போலி அல்ல, தடை செய்யப்படவில்லை என்று தெரிந்தால் திறந்துவிடும். ஆய்ஸ்டரில் ஏறிய விவரம் கார்டிலேயே இருக்கும். ஆனாலும் ஏறாமல் இறங்குகிற ஆய்ஸ்டரைக்கூட, கையிருப்பு இருந்தால், அதிகபட்சக் கட்டணம் எடுத்துக்கொண்டு கேட் வெளியே விட்டுவிடும். கூட்டத்தை நிறுத்தி வைக்காமலிருக்கச் செய்த ஏற்பாடு இது. பயணிக்கு அந்த நேரத்தில் எந்த எச்சரிக்கையும் கிடைக்காமல் போவதற்கும் இதுவே காரணம்.

சென்னை மெட்ரோவில் இதே தவறு வேறு மாதிரி வெளிப்படும். 2023 ஏப்ரலில் வந்த சிங்காரச் சென்னை கார்டு தேசியப் பொதுப் போக்குவரத்துக் கார்டு வகையைச் சேர்ந்தது. பணமும் ஏறிய அடையாளமும் கார்டிலேயே இருக்கும். அதே வகை வசதியோடு வரும் ரூபே டெபிட் கார்டும் பர்ஸில் இருந்து, இறங்கும்போது அது படிக்கப்பட்டால், ஏறிய அடையாளம் இல்லாத கார்டு என்று கேட் திறக்காமல் நிற்கும். நிலைய உதவி மையத்துக்குப் போக வேண்டிய எரிச்சல் இருந்தாலும், தவறு அங்கேயே தெரிந்துவிடுகிறது. அந்த வசதி இல்லாத வங்கிக் கார்டில் கேட் காசு எடுக்காது. ஆனால் அதன் கம்பிச் சுருள் அங்கேயே இருப்பதால் பயணக் கார்டு படிக்கப்படாமல் தடுக்க அதனால் முடியும். சென்னையில் “கார்டு சரியாக வேலை செய்யவில்லை” என்று சொல்லப்படுவதில் ஒரு பங்கு இந்தப் பர்ஸ் விஷயமாக இருக்கலாம்.

சிங்கப்பூரில் வங்கிக் கார்டை 2019 ஏப்ரலிலிருந்து நேரடியாகத் தட்டலாம். அங்கே பஸ்ஸில் இறங்கும்போதும் தட்ட வேண்டும் என்பதால் ஆபத்து ரயிலோடு நிற்பதில்லை. ஏறிய கார்டில் இறங்கிய தட்டல் இல்லையென்றால் அந்தப் பஸ் கடைசி நிறுத்தம் வரை போனதாகவே கட்டணம் விழும்.

சத்தமில்லாமல் போகும் காசு

இரட்டை அதிகபட்சக் கட்டணம் பெரிய தொகை என்பதால் கண்ணில் படும். கண்ணில் படாமல் போகிறவை வேறு சில.

லண்டன் பஸ்ஸில் ஏறும்போது மட்டும்தான் தட்ட வேண்டும். 2023 மார்ச்சிலிருந்து 2025 முழுக்க ஒரு பயணம் 1.75 பவுண்டு. ஒரு மணி நேரத்துக்குள் எத்தனை பஸ் மாறி ஏறினாலும் முதல் பஸ்ஸுக்கு மட்டும்தான் காசு, ஆனால் எல்லாத் தட்டலும் ஒரே கார்டில் இருக்க வேண்டும். முதல் பஸ்ஸில் ஆய்ஸ்டரும் இரண்டாவது பஸ்ஸில் வங்கிக் கார்டும் படிக்கப்பட்டால் 3.50 போகும். இரண்டுமே முறையான கட்டணம் போலத் தெரிவதால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். பஸ்ஸில் இன்னொன்றும் நடக்கும். முதல் கார்டு படிக்கப்பட்டு ஒலி வந்த பிறகும் பர்ஸை ரீடரிலேயே வைத்துக்கொண்டு, அசைத்துக்கொண்டிருந்தால் அடுத்த கார்டும் படிக்கப்படும். ஒரே ஆளுக்கு ஒரே பஸ்ஸில் இரண்டு கட்டணம். டிஎல்ஆர் என்ற லண்டன் இலகு ரயிலில் பல நிலையங்களில் கேட் கிடையாது, கம்பத்தில் மஞ்சள் ரீடர்தான். அங்கேயும் இந்த இரண்டாவது ‘பீப்’ வரும். கதவு என்று எதுவும் இல்லாததால் அதை யாரும் பொருட்படுத்துவதில்லை.

எனக்கு இவற்றில் மிகவும் வருத்தமாகப் படுவது முதியவர்களின் இலவசப் பாஸ்தான். லண்டனில் வசிக்கும் முதியவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் ஃப்ரீடம் பாஸ் என்ற கார்டு உண்டு. பிளாஸ்டிக் உறையில் ஒரு பக்கம் ஃப்ரீடம் பாஸ், மறுபக்கம் வங்கி டெபிட் கார்டு என்று வைத்திருக்கும் தாத்தா பாட்டிகளை ஈஸ்ட் ஹாமிலும் டூட்டிங்கிலும் நிறையப் பார்க்கலாம். பாஸில் ஏறி, டெபிட் கார்டில் இறங்கினதாகப் பதிவானால், இலவசமாகப் போக வேண்டியவருக்கு அதிகபட்சக் கட்டணம். வங்கிக் கணக்கைச் செயலியில் பார்க்கும் பழக்கம் இல்லாதவர் என்றால் மாதக்கணக்கில் தெரியாமலே போகும். பிள்ளைகளோ பேரப்பிள்ளைகளோ அந்த உறையை ஒரு முறை எடுத்துப் பார்ப்பது நல்லது. சலுகை ஏற்றப்பட்ட ஆய்ஸ்டர், சீசன் டிக்கெட் ஏற்றப்பட்ட ஆய்ஸ்டர் வைத்திருப்பவர்களுக்கும் இதே இழப்புதான்.

போனும் ஒரு கார்டு

ஒரே வங்கிக் கணக்கின் கார்டு, பிளாஸ்டிக்காகவும் இருக்கிறது, போனிலும் ஏற்றியிருக்கிறேன், அப்படியென்றால் எதைத் தட்டினாலும் ஒன்றுதானே என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. ஒன்று இல்லை. போனில் கார்டை ஏற்றும்போது அதற்கென்று தனி எண் ஒன்று உருவாகிறது. கேட்டுக்குத் தெரிவது அந்த எண்தான். வாட்சில் ஏற்றினால் அதற்கும் வேறு எண். ஏறும்போது போன், இறங்கும்போது அதே கணக்கின் பிளாஸ்டிக் கார்டு என்றால் அது இரண்டு கார்டு, இரண்டு முடிவுறாத பயணம். கடைசியில் காசு ஒரே கணக்கிலிருந்து போகும் என்பது மட்டும்தான் வித்தியாசம்.

ஐபோனில் இன்னொரு சிக்கலும் உண்டு. பயணத்துக்கான எக்ஸ்பிரஸ் முறையை இயக்கியிருந்தால், முகத்தையோ விரலையோ கேட்காமல், போக்குவரத்து ரீடருக்குப் பக்கத்தில் வந்ததுமே போன் தானாகப் பதில் சொல்லும். போன் உறையின் பின்பக்கத்தில் ஆய்ஸ்டரைச் செருகி வைத்துக்கொண்டு அதைத் தட்டுகிறவர்களுக்கு இது நேரடி மோதல். பிளாஸ்டிக் கார்டைத்தான் பயன்படுத்தப் போகிறீர்கள் என்றால் `Settings` → `Wallet & Apple Pay` → `Express Travel Card` போய் `None` என்று வையுங்கள். ஆப்பிள் வாட்சில் இந்த அமைப்பு தனியாக இருக்கிறது. போனில் அணைத்தது வாட்சைக் கட்டுப்படுத்தாது. லண்டன் கேட்டுகளில் ரீடர் வலப்பக்கம் இருக்கும். வலக் கையில் வாட்ச் கட்டிக்கொண்டு அதே கையில் கார்டைப் பிடித்துத் தட்டினால் மணிக்கட்டும் ரீடரை நெருங்கும் என்பதை மறக்க வேண்டாம்.

என்ன செய்தால் வராது

கார்டை வெளியே எடுத்துத் தட்டுவதுதான் முழுத் தீர்வு. இதற்குச் சமமான மாற்று கிடையாது. பயணக் கார்டுக்கு மட்டும் தனியாக ஒரு சிறிய உறை வாங்கிக் கழுத்திலோ பையின் வெளிப் பையிலோ வைத்துக்கொண்டால் பர்ஸைத் திறக்கவே வேண்டியதில்லை. அந்த உறையில் இரண்டாவது கார்டு எதுவும் போகக் கூடாது என்பதில் மட்டும் கண்டிப்பு வேண்டும். அலுவலக அடையாள அட்டையை அதில் சேர்ப்பதுதான் வழக்கமாக நடக்கும் பிழை. அலுவலகக் கார்டுகளில் பழைய 125 கிலோஹெர்ட்ஸ் வகை பயணக் கார்டோடு மோதாது. புதியவை பெரும்பாலும் 13.56 மெகாஹெர்ட்ஸ், அவை மோதும். வெளியே பார்த்து இரண்டையும் பிரிப்பது கடினம். மேலே சொன்ன போன் சோதனையில் அலுவலகக் கார்டு தெரிந்தால் அது மோதும் வகை.

பர்ஸைத் தவிர்க்கவே முடியாது என்பவர்களுக்கு, இரண்டாக மடியும் பர்ஸில் ஒரு மடலில் பயணக் கார்டை மட்டும் வைத்து, மற்ற எல்லாவற்றையும் எதிர் மடலுக்கு மாற்றி, தட்டும்போது பர்ஸை விரித்து அந்த மடலை மட்டும் ரீடரில் வைப்பது ஓரளவு நம்பகமானது. விரித்த பர்ஸில் மற்ற கார்டுகள் கிட்டத்தட்ட ஒரு கார்டின் அகலத்துக்குத் தள்ளிப் போய்விடும். மூடிய பர்ஸில் இந்த ஏற்பாட்டால் எந்தப் பயனும் இல்லை.

அலுமினியத் தாள் யோசனை பலருக்கு வரும். உலோகம் இந்தப் புலத்தைத் தடுக்கும் என்பது உண்மைதான். ஆனால் இரண்டு கார்டுக்கு நடுவில் தாளைச் செருகினால் தடுக்க நினைத்த கார்டோடு சேர்ந்து பயணக் கார்டும் பலவீனமாகிவிடும். ரீடரின் புலம் தாளில் எதிர் மின்னோட்டத்தை உண்டாக்க, அது தாளுக்கு ஒட்டியிருக்கும் கார்டுக்கு வர வேண்டிய புலத்தையே குறைத்துவிடும். சில முறை கேட் திறக்காது, நீங்கள் பர்ஸைத் திருப்புவீர்கள், திருப்பியதும் அந்தப் பக்கத்துக் கார்டு படிக்கப்படலாம். தடுப்பு உறை பயன்படுத்துவதென்றால் பயணம் செய்யாத கார்டுகளை முழுவதுமாக அதற்குள் போட்டு, பயணக் கார்டை அதிலிருந்து தள்ளி, பர்ஸின் வேறு அறையில் வையுங்கள்.

வீட்டில் இரண்டு பேர் இரண்டு வங்கிக் கார்டில் போகிறார்கள் என்றால், எது யாருடையது என்று பயணத்துக்கு முன்பே முடிவு செய்து, வாரம் முழுவதும் அதையே பயன்படுத்துங்கள். வார உச்சவரம்பு திங்கள் முதல் ஞாயிறு வரை ஒரே கார்டில் சேர்ந்தால்தான் பயன் தரும்.

நடந்துவிட்டதா என்று கண்டுபிடிப்பது

ஆய்ஸ்டரில் பயணம் செய்தால் கேட்டின் சிறு திரையில் மிச்சத் தொகை தெரியும். இறங்கும் இடத்தில் தொகை எதுவும் காட்டாமல் கேட் திறந்தால், படிக்கப்பட்டது வங்கிக் கார்டாக இருக்கலாம். நின்று பார்க்கக் கூட்டம் விடாது. ஆனால் பார்க்கும் பழக்கம் வந்துவிட்டால் ஒரு நொடியில் கண் தானாகப் போகும்.

இரண்டாவது அடையாளம் வங்கிச் செயலியில். ஒரு வங்கிக் கார்டு முதல் முறையாகவோ நீண்ட இடைவெளிக்குப் பிறகோ தட்டப்பட்டால், கார்டு செல்லுமா என்று சரிபார்க்க 10 பென்ஸ் கேட்கப்படும். சில வங்கிகள் அதை நிலுவையில் உள்ள தொகையாகக் காட்டும். ஆய்ஸ்டரில்தான் போனேன் என்று நினைக்கும் நாளில் `TFL TRAVEL CH` என்று ஒரு வரி வந்தால் உங்கள் பர்ஸ் காட்டிக்கொடுத்துவிட்டது என்று பொருள்.

பணத்தைத் திரும்பப் பெற, டிஎஃப்எல் இணையதளத்தில் கணக்குத் தொடங்கி ஆய்ஸ்டர், வங்கிக் கார்டு இரண்டையும் அதே கணக்கில் சேர்த்துவிடுங்கள். இது முக்கியம். இரண்டும் ஒரே ஆளுடையவை என்று மையக் கணினிக்குத் தானாகத் தெரியாது. சில சமயம் பழக்கமான பயணத்தை ஊகித்துத் தானாகவே திருத்தித் தருவார்கள், ஆனால் அதை நம்பிக் காத்திருக்க வேண்டாம். இரண்டு கார்டின் பயண வரலாற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மேலே சொன்ன உதாரணத்தில் ஆய்ஸ்டரில் “8:10 ஈஸ்ட் ஹாம், இறங்கியது பதிவில்லை” என்றும், வங்கிக் கார்டில் “ஏறியது பதிவில்லை, 8:50 வெஸ்ட்மின்ஸ்டர்” என்றும் இருக்கும். இந்த இரண்டு பாதியும் பொருந்துவதுதான் கார்டு மோதலுக்கான அத்தாட்சி. விண்ணப்பத்தில் இரண்டு வரியையும் குறிப்பிட்டு, இரண்டும் ஒரே பயணம் என்று எழுத வேண்டும். ஒரு பாதியை மட்டும் காட்டி “இறங்கும்போது தட்ட மறந்துவிட்டேன்” என்று விண்ணப்பித்தால் அந்தக் கார்டின் தொகை மட்டும்தான் திருத்தப்படும், மற்ற 9 பவுண்டு அங்கேயே நிற்கும்.

எட்டு வாரத்துக்குள் விண்ணப்பித்துவிடுங்கள். ஆய்ஸ்டரின் பயண வரலாறும் அவ்வளவு காலம்தான் தெரியும். வங்கிக் கார்டின் தொகை ஒரு நாளுக்கு ஒரே வரியாக வருவதால் வங்கிக் கணக்கை மட்டும் வைத்து எந்தப் பயணம் என்று பிரிக்க முடியாது. டிஎஃப்எல் கணக்கில் அந்த நாளைத் திறந்தால்தான் தனித்தனித் தட்டல்கள் தெரியும். வங்கியிடம் போய் “இந்தத் தொகை என்னுடையது அல்ல” என்று மறுப்பது தவறான வழி. தட்டல் உண்மையில் நடந்தது என்பதால் வங்கி அதை ஏற்பது கடினம். அப்படியே ஏற்றுத் தொகையைத் திரும்பப் பெற்றுத் தந்தாலும், தொகை செலுத்தப்படாத கார்டு என்ற பட்டியலில் உங்கள் கார்டு விழுந்துவிட்டால், அந்தத் தொகையைக் கட்டும் வரை எந்தக் கேட்டையும் அது திறக்காது.